புதிய பக்தி சேனலுக்கு ட்ரெய்லர் ஸ்கிரிப்ட்: முதல் தடவை வருகிறவருக்கு என்ன சொல்வது?

சேதுக்கரைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருப்புல்லாணி பக்கம். எங்கள் பெரியப்பா முறையாகத் தேவாரம் திருவாசகம் பயின்றவர், இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. அவரை வைத்து யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்திருக்கிறோம். தேவிபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் இந்தக் கடற்கரைக் கோயில்கள், அதன் கதை, அங்கே உள்ள பாடல்கள் என்று போடுகிறோம். கொஞ்சம் வீடியோ ஏறிவிட்டது. இப்போது சேனல் பக்கத்தில் வைக்க ஒரு ட்ரெய்லர் வேண்டும். நான் எழுதியிருப்பது இது, பாதியை மட்டும் ஒட்டுகிறேன்:

"(சங்கொலி, லோகோ சுழன்று வரும், 12 வினாடி) அன்பார்ந்த பக்தகோடிகள் அனைவருக்கும் எங்கள் சேனலின் சார்பாகப் பணிவான வணக்கங்கள். எல்லாம் வல்ல இறைவன் அருளால் இன்று உங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். நமது சேனலில் ஆன்மிகக் கதைகள், கோயில் வரலாறு, பாடல்கள், பரிகாரங்கள், விரத முறைகள், ராசிபலன், மற்றும் பல பயனுள்ள தகவல்கள் இடம்பெறும். ஆகவே லைக் செய்யுங்கள், ஷேர் செய்யுங்கள், பெல் பட்டனை அழுத்துங்கள்..."

வாசித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. எதை வெட்டலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாம்பன் எடிட்டர்

தம்பி, வெட்டுகிறதைப் பிறகு பார்ப்போம். முதலில் இதை யார் பார்க்கிறார் என்று யோசியுங்கள். ட்ரெய்லர் என்பது உங்கள் சேனலை இன்னும் சப்ஸ்கிரைப் செய்யாதவருக்கு மட்டும் சேனல் பக்கத்தின் உச்சியில் தெரிகிற வீடியோ. அவர் பெரும்பாலும் உங்கள் வீடியோ ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, "யார் இவர்கள்" என்று பெயரைத் தட்டி உள்ளே வந்தவர். பக்தி அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது, வணக்கமும் பெருமகிழ்ச்சியும் சொல்லி அவரைப் பக்திக்குள் அழைத்துவர வேண்டியதில்லை. அவர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆட்களிடம் அடுத்த வாரமும் எனக்கு ஏதாவது கிடைக்குமா?

உங்கள் ஸ்கிரிப்டில் அதற்குப் பதில் எந்த வினாடியில் வருகிறது என்று பாருங்கள். 12 வினாடி லோகோ, அப்புறம் 15 வினாடி வணக்கம், அதற்கப்புறம் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை எந்தப் பக்தி சேனலின் பெயரைப் போட்டு வாசித்தாலும் பொருந்தும். ராசிபலனும் பரிகாரமும் நீங்கள் போடுவதாகவே உங்கள் முன்னுரையில் இல்லை. அப்புறம் எதற்கு அதைச் சொல்கிறீர்கள்? ட்ரெய்லரில் சொன்னதைக் கீழே இருக்கும் வீடியோ வரிசையில் தேடிப் பார்ப்பார், இல்லையென்றால் போய்விடுவார்.

நீளம் ஒரு நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டாது. நடுவில் பெரியப்பா ஒரு அடி பாடுகிறார் என்றால் எண்பது சொல்தான் உங்களிடம் இருக்கிறது.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், அதிலிருந்து எழுதலாம். வேறு ஆயிரம் சேனல் இருக்கும்போது உங்களிடம் மட்டும் கிடைப்பது எது?

ராம்நாட்டு ராஜா

எடிட்டர் சொல்வது சரிதான், ஆனால் ஒரு நிமிடமே அதிகம். 30 வினாடியில் முடிக்க வேண்டும், அதற்கு மேல் எவனும் பார்ப்பதில்லை. ஆரம்பத்திலேயே எல்லாருக்கும் தெரிந்த பழைய பக்திப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிடுங்கள், கேட்டவுடன் ஜனம் நின்றுவிடும். தேவாரம், கவசம் எல்லாம் நூறு வருடத்துக்கு மேல் பழையது, அதற்கெல்லாம் காப்பிரைட் கிடையாது, பயப்படாமல் போடலாம்.

அப்புறம் கடைசியில் "இந்த வீடியோ உங்கள் கண்ணில் பட்டது தற்செயல் அல்ல, ஈசன் சித்தம்" என்று ஒரு வரி. நிச்சயம் சப்ஸ்கிரைப் விழும்.

பாம்பன் எடிட்டர்

ராஜா அண்ணே, பாதி சரி. பதிகத்தின் வரிகளுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. ஆனால் நீங்கள் சொல்கிற அந்தப் பழைய பாட்டு ஒரு ஒலிப்பதிவு. அதைப் பாடி, இசை அமைத்து, வெளியிட்ட நிறுவனம் ஒன்று இருக்கும். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான காலத்திலிருந்து 60 வருடம். அப்பர் பாடியது ஏழாம் நூற்றாண்டாக இருக்கலாம், கேசட் வந்தது 1980-களில்.

யூடியூப் அதைத் தானாகவே கண்டுபிடித்து, உரிமை கோரும் நிறுவனத்தின் பெயரை ஒட்டிவிடும். ட்ரெய்லரில் இது இன்னும் மோசம். சாதாரணமாக, சேனல் பக்கத்தில் ஓடும் ட்ரெய்லருக்கு விளம்பரம் வராது. மற்றவர் உரிமை கோரிய பாட்டு அதில் இருந்தால் மட்டும் வரலாம். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர் வாசலிலேயே சோப்பு விளம்பரம் பார்க்க வேண்டுமா? அந்தப் பணமும் உங்களுக்கு வராது.

பெரியப்பா குரல் இருக்கும்போது வேறு பாட்டே தேவையில்லை. பின்னால் ஸ்ருதிப் பெட்டி மட்டும் போதும். இலவசம் என்று சொல்லி ஏதோ தளத்தில் கிடைக்கும் பின்னணி இசையையும் தொடாதீர்கள், வேறு யாராவது அதைத் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பார்கள்.

30 வினாடி என்று கணக்கு ஒன்றும் கிடையாது. சுவாரசியம் இருந்தால் ஒன்றரை நிமிடம்கூடப் பார்ப்பார்கள்.

தொண்டி மீரா

ட்ரெய்லர் என்றால் அடுத்து வரப்போகிற வீடியோவுக்கு முன்னோட்டம்தானே? ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் எவ்வளவு கூட்டம் வரும், அதை வைத்து "விரைவில்" என்று போட்டால் எல்லாரும் காத்திருப்பார்களே. நீங்கள் ஏன் சேனலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

பாம்பன் எடிட்டர்

அது டீசர் மீரா. இது சேனல் பக்கத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் இதில் தேதி, "வரும் அமாவாசை", "இதுவரை இத்தனை வீடியோ" என்று எதுவும் வரக்கூடாது. ஐப்பசியில் வருகிறவர் ஆடி அமாவாசை அழைப்பைப் பார்த்தால், சேனல் செத்துப்போய்விட்டது என்றுதான் நினைப்பார்.

தொண்டி மீரா

அப்படியானால் ஆடி, தை அமாவாசை சமயத்தில் மட்டும் மாற்றிவிட்டு, முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்தால்? மாற்றுவதற்குக் காசா பணமா. அந்த இரண்டு சமயத்திலும்தான் ராமேஸ்வரம் என்று தேடிக்கொண்டு ஜனம் வரும்.

பாம்பன் எடிட்டர்

செய்யலாம். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, பண்டிகைக்கு வருகிறவர் பண்டிகையோடு போய்விடுவார். ஆனால் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சேதுக்கரைக்காரன்

அண்ணே, நீங்கள் கேட்ட கேள்வியைப் பெரியப்பாவிடமே கேட்டேன். அவர் சொன்னது: "வெளியூர்க்காரன் ராமேஸ்வரத்துக்கு வர்றான், 22 தீர்த்தம் ஆடுறான், சாமி கும்பிடுறான், தனுஷ்கோடியில போட்டோ எடுக்குறான், ரயிலேறிப் போயிடுறான். வழியில இருக்கிற மூணு கோயில் அவனுக்குத் தெரியல." உண்மைதான். தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை மூன்றுமே ராமநாதபுரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள். எங்களிடம் மட்டும் கிடைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நாங்கள் இங்கேயே இருக்கிறோம், எந்தக் கோயிலுக்கும் காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம்.

ராஜா அண்ணன் சொன்ன "ஈசன் சித்தம்" வரியைப் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார்.

பாம்பன் எடிட்டர்

நல்ல சரக்கு. இதை வைத்து ஒன்று எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

0 முதல் 7 வினாடி. படம்: தேவிபட்டினம், கடலுக்குள் நவபாஷாணக் கற்கள், அலை வந்து மோதுகிறது. குரல்: "ராமேஸ்வரம் போய் வந்துவிட்டீர்கள். வழியில் இருந்த மூன்று கோயில்களைப் பார்த்தீர்களா?"

7 முதல் 25. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு படம். குரல்: "கடலுக்குள் ஒன்பது கற்களாக நவகிரகங்கள் நிற்கும் தேவிபட்டினம். ராமர் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் திருப்புல்லாணி. ஆண்டின் பெரும்பாலான நாளும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராஜர், உத்தரகோசமங்கை."

25 முதல் 33. பெரியப்பா, முகம் மட்டும், ஒரு அடி பாடுகிறார். பேச்சு இல்லை.

33 முதல் 50. குரல்: "வாரம் ஒரு கோயில். அதன் கதை, அங்கே பாடப்பட்ட ஒரு பாடல் பொருளோடு, எப்படிப் போவது, எப்போது நடை திறக்கும். நாங்கள் இந்தக் கரையிலேயே குடியிருப்பவர்கள். கேட்டால் போய்ப் பார்த்துச் சொல்வோம்."

50 முதல் 58. குரல்: "அடுத்த சேது யாத்திரைக்கு முன்னால் ஒருமுறை பார்க்க, சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்."

லோகோ கிடையாது. போனில் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு, அதனால் முதல் வரியும் "வாரம் ஒரு கோயில்" என்பதும் திரையில் எழுத்தாக வரட்டும். நடை திறக்கும் நேரத்தை ட்ரெய்லரில் மணிக்கணக்காகச் சொல்லாதீர்கள், மார்கழியில் மாறும். அதை அந்தந்த வீடியோவில் சொல்லுங்கள்.

ராம்நாட்டு ராஜா

இது பரவாயில்லை. ஆனால் பிரகாரத்தைக் காட்டாமல் என்ன ராமேஸ்வரம்? மூன்றாம் பிரகாரத் தூண் வரிசை ஒரு ஷாட் போட்டால் அதுவே போதும்.

சேதுக்கரைக்காரன்

அண்ணே, உள்ளே போன் கொண்டுபோகவே முடியாதே. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னதிலிருந்து எல்லாப் பெரிய கோயிலிலும் கெடுபிடி. கோபுரம், ரத வீதி, அக்னி தீர்த்தம் இதைத்தான் எடுக்க முடியும். வேறு யாருடைய பிரகார வீடியோவையாவது எடுத்து ஒட்டச் சொல்கிறீர்களா?

பாம்பன் எடிட்டர்

ஒட்டவே வேண்டாம். ட்ரெய்லரில் பிரகாரத்தைக் காட்டினால், உள்ளே எடுத்த தரிசன வீடியோ சேனலில் இருக்கும் என்று நினைத்து வருவார்கள். உங்களால் தர முடியாததை முதல் நிமிடத்தில் காட்டக்கூடாது.

பரமக்குடி சுந்தரி

நான் வீடியோ எல்லாம் எடுப்பதில்லை, பார்க்கிற ஆள். எடிட்டர் தம்பி எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த ஸ்கிரிப்ட் யாத்திரை வருகிறவருக்காக எழுதப்பட்டிருக்கிறது. அவர் என்ன செய்வார்? வருவதற்கு முன்னால் தேடுவார், வழியும் நேரமும் பார்ப்பார், வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். அதற்கப்புறம் வாராவாரம் உங்கள் சேனலைப் பார்க்க அவருக்கு என்ன இருக்கிறது? அடுத்த யாத்திரை எத்தனையோ வருடம் கழித்து.

எங்கள் மாமியாருக்கு எண்பது வயது. முழங்கால் வலி, உத்தரகோசமங்கைக்கே போய் ரொம்ப நாளாகிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பார். அவருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்பது வேண்டாம். "பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்" என்று என்னைத்தான் கேட்பார், எனக்குப் பாதி தெரியாது. அவரைப் போன்றவர்கள்தான் வாராவாரம் வருவார்கள். உங்கள் ட்ரெய்லரில் அவருக்கென்று இருப்பது நடுவில் வரும் எட்டு வினாடி.

இன்னொன்று, "பார்த்தீர்களா?" என்று கேட்பது கொஞ்சம் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. ராமேஸ்வரமே போக முடியாதவர் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்?

பாம்பன் எடிட்டர்

அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது. யாத்திரைக்காரர் தேடல் வழியாக நேராக வீடியோவுக்கே வந்துவிடுவார், அவருக்கு ட்ரெய்லரே தேவையில்லை. வாராவாரம் கேட்கிறவருக்காகத்தான் ட்ரெய்லர் என்றால், பாட்டு முன்னால் வர வேண்டும், கோயில் வழி பின்னால் போக வேண்டும்.

ஆனால் தம்பி, இதில் ஒரு சிக்கல். "வாரம் ஒரு கோயில்" என்றால் கோயில் எண்ணிக்கை எளிதில் தீர்ந்துவிடும். "வாரம் ஒரு பாடல், அது பாடப்பட்ட ஊரிலிருந்து" என்று சொன்னால் எத்தனை வாரத்துக்குத் தாங்கும்? பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். தாங்காத வாக்குறுதியை ட்ரெய்லரில் வைக்கக்கூடாது.

சேதுக்கரைக்காரன்

கேட்டேன், பெரியப்பா உட்கார்ந்து கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டார். உத்தரகோசமங்கையில் மாணிக்கவாசகர் பாடிய நீத்தல் விண்ணப்பம் மட்டும் 50 பாட்டு. வாரம் ஒரு பாட்டு என்றாலே கிட்டத்தட்ட ஒரு வருடம். ராமேஸ்வரத்துக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டு, அப்பர் பாடியது ஒன்று, அது முப்பது பாட்டுக்கு மேல் வரும். திருவாடானைக்குச் சம்பந்தர் பதிகம் ஒன்று இருக்கிறது. திருப்புல்லாணிக்குத் திருமங்கையாழ்வார் இரண்டு திருமொழி பாடியிருக்கிறார், அது இருபது பாசுரம். "பாசுரத்தை நான் பாடினால் பட்டர் சண்டைக்கு வருவார்" என்று சிரிக்கிறார், அதற்கு ஊரில் பாசுரம் சேவிக்கிறவர் ஒருவரைக் கேட்கலாம் என்று சொன்னார்.

ஆக இரண்டு வருடத்துக்குத் தட்டுப்பாடு இல்லை.

பாம்பன் எடிட்டர்

அப்படியானால் இதுதான் உங்கள் சேனல், நான் எழுதியது இல்லை. மறுபடி எழுதுகிறேன்.

0 முதல் 9. கறுப்புத் திரை வேண்டாம், முதல் நொடியிலேயே பெரியப்பா முகம், பின்னால் உத்தரகோசமங்கைக் கோபுரம். நீத்தல் விண்ணப்பத்தில் "விட்டிடுதி கண்டாய்" என்று வருகிற அடி ஒன்றைப் பாடுகிறார். கீழே அந்த வரி எழுத்தில்.

9 முதல் 20. பெரியப்பாவே பேசுகிறார்: "என்னைக் கைவிட்டுவிடாதே என்று மாணிக்கவாசகர் கேட்கிறார். இந்த ஊர்ச் சாமியிடம் கேட்டது. ஐம்பது பாட்டு, ஐம்பதிலும் இதே கேள்வி."

20 முதல் 38. வேறு குரல், படங்களோடு: "ராமேஸ்வரம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, திருவாடானை. இந்தச் சேதுக் கரையில் பாடப்பட்ட பாடல்களை, பாடப்பட்ட ஊரிலேயே நின்று, வாரம் ஒன்றாகப் பாடிப் பொருள் சொல்கிறோம். ஒரு பாட்டு, பத்து நிமிடம்."

38 முதல் 48. "நேரில் வர முடிந்தவர்களுக்கு வழியும் நேரமும் ஒவ்வொரு வீடியோவின் கீழும் இருக்கும். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கூடப் பாடலாம், வரிகள் திரையில் வரும்."

48 முதல் 57. பெரியப்பா: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுப் பாட்டு வரும். வேண்டுமென்றால் சப்ஸ்கிரைப் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்."

சப்ஸ்கிரைப் என்ற சொல்லை அவர் வாயால் சொல்ல வைப்பது வேண்டுமென்றே. லைக், ஷேர், பெல் எல்லாம் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒன்றைக் கேட்டால்தான் செய்வார்கள். அதுவும் ஏன் செய்ய வேண்டும் என்பதைச் சொன்ன பிறகு.

ராம்நாட்டு ராஜா

வணக்கமே இல்லாமல் பக்தி சேனலா? பெரியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? நவபாஷாணமும் போய்விட்டது, தேவிபட்டினம்தானே நம் பகுதியில் எல்லாருக்கும் பிடித்த காட்சி.

"ஈசன் சித்தம்" வரியை நீங்கள் எல்லாரும் கேலி செய்கிறீர்கள், ஆனால் அதைப் போடுகிற சேனல்கள்தான் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. ஜனத்துக்குப் பிடித்திருக்கிறது, அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

பரமக்குடி சுந்தரி

ராஜா, எங்கள் மாமியார் அந்த மாதிரி வீடியோவைப் பார்த்துவிட்டு "பகிராவிட்டால் கெடுதல் வருமா" என்று இரவெல்லாம் யோசித்தார். ஓடுகிறது என்பதற்காக அதைச் செய்ய வேண்டுமா? இது என் அபிப்பிராயம்.

வணக்கம் விஷயத்தில் எனக்கும் ராஜா பக்கம்தான். பெரியவர் ஒருவர் முன்னால் வருகிறார், கைகூப்பாமல் பேசினால் நன்றாக இருக்காது.

பாம்பன் எடிட்டர்

கைகூப்பட்டும், அதற்குச் சொல் தேவையில்லையே. பாடி முடித்துக் கைகூப்பிவிட்டுப் பேச ஆரம்பிக்கட்டும், ஒரு வினாடி. தேவிபட்டினத்துக்குப் பாடல் இல்லாதபோது அதை முகப்பில் வைத்தால் வருகிறவர் கோயில் சுற்றுலா சேனல் என்று நினைப்பார். அதை 20 முதல் 38 வரைக்குள் ஒரு நொடிக் காட்சியாக வைக்கலாம், பெயர் சொல்லாமல்.

ஈசன் சித்தம் பற்றி அண்ணனோடு நான் வாதாடப் போவதில்லை. அந்த வரி ஆளைச் சேர்க்கும், உண்மைதான். ஆனால் பொருள் கேட்டு உட்காருகிற ஆளைச் சேர்க்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

தங்கச்சிமடம் ஜோ

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். நாங்கள் தேவாலயப் பாடல் சேனல் வைத்திருக்கிறோம், ஓரியூர் திருவிழாப் பாடல்கள், மாதா பாடல்கள். எங்கள் ட்ரெய்லரில் கோயில் பாடகர் குழுவில் மூத்த அம்மா ஒருவர் பேசுகிறார். அவர்தான் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வார், அதற்கு வருகிற கமெண்ட் எல்லாம் அவரைப் பற்றித்தான். அதனால் பெரியவரைப் பேசவைப்பது சரி என்றே நினைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் கடற்கரையில் நின்று பாடினால் மைக்கில் 'புர்ர்' என்ற சத்தம்தான் கேட்கும், குரல் உள்ளே அமுங்கிவிடும். எடிட்டிங்கில் அதை எடுக்க முயன்றால் குரலும் சேர்ந்து தேய்ந்து தகரம் மாதிரி ஆகிவிடும். நாங்கள் காற்று எழும்புவதற்கு முன்னால், விடிந்ததும் எடுத்துவிடுவோம். காலர் மைக்கில் கூடவே வரும் பஞ்சு உறை போதாது, அதன்மேல் மயிர் உறை ஒன்று கிடைக்கும், அதை மாட்ட வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு முதுகைக் காட்டிப் பாட வேண்டும், உடம்பே மைக்குக்கு மறைப்பாகிவிடும்.

அப்படியே என் கேள்வி ஒன்று. எங்கள் சேனலில் ட்ரெய்லருக்குக் கடல் சத்தம் மட்டும் பின்னணியாக வைத்தால் போதுமா, இல்லை ஆர்கன் சேர்க்கலாமா?

பாம்பன் எடிட்டர்

ஜோ, உங்கள் பாடலைக் கேட்காமல் சொல்ல முடியாது, தனியாக ஓர் இழை போடுங்கள், வருகிறேன். காற்றைப் பற்றிச் சொன்னது தங்கம். தம்பி, உத்தரகோசமங்கை கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் இந்த ட்ரெய்லருக்குப் பிரச்சினை கம்மி, ஆனால் ராமேஸ்வரப் பதிகங்களை எடுக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் அங்கேயே ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சேதுக்கரைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது ஸ்கிரிப்டைப் பெரியப்பா இரண்டு இடத்தில் மாற்றினார். "இந்த ஊர்ச் சாமியிடம் கேட்டது" என்பதை "இந்த மண்ணில் நின்று கேட்டது" என்று ஆக்கிவிட்டார். "வேண்டுமென்றால்" என்பதை எடுத்துவிட்டார், "வேண்டாதவன் எதுக்கு இதுவரைக்கும் பார்க்கப் போறான்" என்கிறார்.

இப்போது சந்தேகம், வைத்த பிறகு இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொத்தப் பார்வை எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா?

பாம்பன் எடிட்டர்

மொத்தப் பார்வை எதையும் சொல்லாது. முதலில் வைக்கிற இடம்: YouTube Studio-வில் Customization, அதில் Home tab. அங்கே இரண்டு இடம் இருக்கும். சப்ஸ்கிரைப் செய்யாதவருக்கான இடத்தில் இந்த ட்ரெய்லர். ஏற்கெனவே சேர்ந்தவருக்கான இடத்தில் அந்த வாரப் புதுப் பாட்டு. இரண்டிலும் ட்ரெய்லரையே போட்டுவிடாதீர்கள், தெரிந்தவரிடம் திரும்பத் திரும்ப அறிமுகம் செய்துகொள்வது போல ஆகிவிடும்.

அப்புறம் அந்த வீடியோவின் அனலிட்டிக்ஸில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, பார்ப்பவர் எங்கிருந்து வருகிறார் என்ற பகுதியில் Channel pages எவ்வளவு. ட்ரெய்லரை மதிப்பிட அந்தப் பார்வைகள்தான் கணக்கு. தேடலிலிருந்து பாட்டு என்று நினைத்து வந்தவர் பாதியில் போனால் அது ட்ரெய்லரின் குற்றம் இல்லை. இரண்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற வளைகோடு. பெரியப்பா பாடும் முதல் ஒன்பது வினாடியில் செங்குத்தாக விழுந்தால் பாட்டைச் சுருக்குங்கள். இருபதாவது வினாடியில், வேறு குரல் ஆரம்பிக்கும் இடத்தில் விழுந்தால், அந்தக் குரலை எடுத்துவிட்டுப் பெரியப்பாவையே பேச வையுங்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கொஞ்சம் பயம். மூன்று, இந்த வீடியோவிலிருந்து எத்தனை பேர் சப்ஸ்கிரைப் செய்தார்கள் என்ற எண்.

புது சேனல் என்பதால் நாற்பது ஐம்பது பார்வையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சில நூறு பேர் சேனல் பக்கம் வழியாகப் பார்க்கும் வரை கை வைக்காமல் விடுங்கள்.

தொண்டி மீரா

அப்படியானால் ஆடி அமாவாசைக்கு மாற்றிப் பார்த்து, எதில் சப்ஸ்கிரைப் அதிகம் என்று ஒப்பிடலாமே?

பாம்பன் எடிட்டர்

ஒப்பிடலாம், ஆனால் அந்த வாரம் வருகிற கூட்டமே வேறு. எண்ணிக்கை கூடினால் ட்ரெய்லராலா அமாவாசையாலா என்று பிரிக்க முடியாது. தம்பிக்கு ஆசை இருந்தால் செய்து பார்க்கட்டும்.

சேதுக்கரைக்காரன்

சனிக்கிழமை விடிகாலை எடுக்கிறோம். மீரா அக்கா சொன்னதை ஆடிக்குள் யோசிக்கிறேன். கடைசியாக ஒன்று, நண்பன் ஒருவன் ட்ரோன் வைத்திருக்கிறான். 20 முதல் 38 வினாடிக்குள் பாம்பன் பாலத்தையும் ராமேஸ்வரத் தீவையும் மேலிருந்து ஒரு ஷாட் வைத்தால் நன்றாக இருக்கும் என்கிறான்.

தங்கச்சிமடம் ஜோ

தம்பி, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பது தெரியும்தானே? இது எல்லைக் கடல் வேறு. Digital Sky வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம் என்று நண்பனிடம் சொல்லுங்கள். பாலத்தைச் சாலைப் பாலத்தில் போகிற பேருந்தின் ஜன்னலிலிருந்தே எடுக்கலாம், ரயில் வருகிற நேரம் பார்த்துப் போனால் அதுவே நல்ல ஷாட்.